விஷத்தின் வால் நுனி: கேப்டோப்ரில் உருவான விதம்

கேப்டோப்ரில் மாத்திரை டப்பாவைத் திறந்து முகர்ந்தால் லேசாகக் கந்தக வாடை அடிக்கும். மருந்து கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. பெரும்பாலும் கெட்டிருக்காது. அந்த மூலக்கூறில் இருக்கும் ஒரே ஒரு கந்தக அணுவின் வாடை அது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் வேலையில் பெரும் பங்கு அந்த அணுவினுடையதுதான்.

'பாம்பு விஷத்திலிருந்து எடுத்த மாத்திரை' என்று இதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தச் சொற்றொடரில் உடன்பாடில்லை. மாத்திரையில் விஷம் துளியும் இல்லை. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி; இதற்கு வழிகாட்டிய விஷப் பெப்டைடுகளிலோ கந்தகமே இல்லை. பாம்பு கொடுத்தது ஒரு பெப்டைடின் வால் நுனியை மட்டும். மீதியை வேதியியலாளர்கள் கட்டினார்கள். எது பாம்பின் பங்கு, எது மனிதர் பங்கு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் நோக்கம்.

ஒரே நொதி, இரண்டு வேலை

தனக்கு வரும் இரத்தத்தின் அழுத்தம் குறைந்ததாக உணர்ந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை வெளியே விடும். கல்லீரல் தயாரித்து அனுப்பிய ஒரு பெரிய புரதத்திலிருந்து ரெனின் 10 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை நறுக்கும். இதற்கு ஆஞ்சியோடென்சின் 1 என்று பெயர். இந்தத் துண்டு தன்னளவில் ஏறக்குறைய சோம்பேறி. அதன் வால் பக்கத்தில் இருக்கும் ஹிஸ்டிடின், லூசின் என்ற கடைசி இரண்டு அமிலங்களைக் கழற்றினால்தான் அது ஆஞ்சியோடென்சின் 2 ஆகிறது. அதன் பிறகு அதைப் போல முரட்டுத்தனமாக இரத்தக் குழாய்களை இறுக்கும் பொருள்கள் உடலில் அதிகம் இல்லை. அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்க வைத்து, உப்பையும் தண்ணீரையும் உடலுக்குள் பிடித்துவைப்பதும் அதுதான்.

அந்த இரண்டு அமிலங்களைக் கழற்றும் கத்திக்குப் பெயர் ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி, சுருக்கமாக ஏ.சி.இ. லெனார்ட் ஸ்கெக்ஸ் குழுவினர் 1956இல் குதிரை இரத்தத்தில் அதை அடையாளம் கண்டார்கள். நுரையீரலின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் அது நிறைய இருக்கிறது என்பது அதற்குப் பத்தாண்டுகள் கழித்துத் தெரியவந்தது. அதன் வெட்டும் முனையில் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கத்திக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின் என்ற 9 அமிலப் பெப்டைடு இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும். அதன் வாலிலிருந்தும் இதே நொதி இரண்டு அமிலங்களைக் கழற்றி அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஆக, இறுக்குவதை உருவாக்குவதும் தளர்த்துவதை அழிப்பதும் ஒரே கத்தி. இரண்டும் ஒரே நொதிதான் என்பது 1970 வாக்கில் எர்வின் எர்டோஷின் ஆய்வகத்திலிருந்து வந்த வேலைகளால்தான் தெளிவானது. அதுவரை இரண்டு தனித்தனி நொதிகளாகவே எண்ணிவந்தார்கள். இந்த இரட்டை வேலையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்தின் பலனும் அதன் தொல்லையும் இங்கேயே பிறக்கின்றன.

தொங்கும் குடல் துண்டு

ஜராராகா என்பது பிரேசிலில் வாழும் குழிவிரியன். அது கடித்தவர்களின் இரத்த அழுத்தம் சரிந்துபோவது மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. சாவோ பாவ்லோவில் மௌரிசியோ ரோச்சா இ சில்வாவும் அவருடைய சகாக்களும் அந்த விஷத்தை இரத்தப் பிளாஸ்மாவோடு கலந்தபோது, பிளாஸ்மாவிலிருந்து புதிய பொருள் ஒன்று பிறந்தது. குடல் தசையை அது மெதுவாகச் சுருங்கவைத்ததால் பிராடிகைனின் என்று பெயரிட்டு 1949இல் அறிவித்தார்கள். 'பிராடி' என்றால் கிரேக்கத்தில் மெதுவான என்று பொருள்.

அடுத்த கேள்வியை எடுத்தவர் ரோச்சா இ சில்வாவின் மாணவர் செர்ஜியோ ஃபெரேரா. பிராடிகைனின் கண நேரத்தில் அழிந்துவிடுகிறதே, அப்படியிருக்க விஷம் ஏன் இவ்வளவு வலுவாக வேலை செய்கிறது? கினிப்பன்றியின் சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மேல்முனையை ஒரு சிறு நெம்புகோலில் கட்டுவார்கள். பிராடிகைனின் ஊற்றினால் குடல் சுருங்கும்; எழுதுமுனை காகிதத்தில் ஒரு மேட்டை வரையும். முதலில் விஷச் சாற்றைச் சேர்த்துவிட்டு அதே அளவு பிராடிகைனினை ஊற்றினால் மேடு வெகுவாக உயரும். விஷச் சாறு தனியாகச் சேர்த்தால் அந்த உயரம் வராது. அப்படியானால் விஷத்துக்குள் பிராடிகைனினுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. 1965இல் ஃபெரேரா இதை வெளியிட்டார்.

விஷச் சாற்றை எடுத்துக்கொண்டு அவர் லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே மிக் பக்லே அதை ஏ.சி.இ.க்கு எதிராகச் சோதித்தார். பிராடிகைனினைக் காப்பாற்றிய அதே சாறு, ஆஞ்சியோடென்சின் 1 என்பது ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாறுவதையும் தடுத்தது. வேன் அப்போது அமெரிக்காவின் ஸ்குவிப் மருந்து நிறுவனத்துக்கு ஆலோசகர். நியூ ஜெர்சியில் இருந்த அதன் ஆய்வுக்கூடத்தில் டேவிட் குஷ்மனும் மிகெல் ஒண்டெட்டியும் இந்தத் தடத்தைப் பற்றிக்கொண்டார்கள். முன்னவர் உயிர்வேதியியலாளர், பின்னவர் பெப்டைடு வேதியியலாளர்.

பாம்பு சொன்னதும் சொல்லாததும்

விஷத்திலிருந்து பிரித்த பெப்டைடுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று 5 அமிலம் கொண்டது. மிக வலுவானது, ஆனால் ஏ.சி.இ. அதையே வெட்டித் தின்றுவிடும். மற்றொன்று 9 அமிலம் கொண்டது. டெப்ரோடைடு என்று பின்னாளில் பெயர் பெற்றது. அதன் வால் ஐசோலூசின், புரோலின், புரோலின் என்று முடிகிறது. கடைசிக்கு முந்திய இடத்தில் புரோலின் இருந்தால் இந்த நொதியால் வெட்ட முடியாது. ஆஞ்சியோடென்சின் 2 மேலும் வெட்டப்படாமல் தப்புவதும் அதே காரணத்தால்தான். அதற்கும் அந்த இடத்தில் புரோலின் இருக்கிறது. டெப்ரோடைடு நொதியின் வாயில் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், ஆனால் வெட்டுப்படாது.

டெப்ரோடைடு வேலை செய்தது. நரம்பில் ஏற்றியபோது உயர் இரத்த அழுத்த நோயாளிகளின் அழுத்தம் குறைந்ததை 1974இல் ஹராலம்போஸ் கவ்ராஸ் குழுவினர் வெளியிட்டார்கள். ரெனின் மிக அதிகமாகச் சுரக்கும் அரிய நோயாளிகளுக்கு மட்டுமே இப்படிப்பட்ட மருந்து உதவும் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. அது சரியல்ல என்பதற்கான முதல் அறிகுறிகள் இந்த ஊசியில்தான் கிடைத்தன.

ஆனால் ஊசிதானே. ஆயுள் முழுக்க எடுக்க வேண்டிய அழுத்த மருந்தை ஊசியாகக் கொடுப்பது நடக்கிற காரியமில்லை. டெப்ரோடைடின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 1,100. விழுங்கினால் குடலின் நொதிகள் சிதைத்துவிடும், மிச்சமிருப்பது சுவரைத் தாண்டாது. விஷம் கொடுத்த மருந்து இங்கே முட்டுச்சந்தில் நின்றது.

கைவசம் இருந்த உருப்படியான அறிவு ஒன்றுதான். பல பெப்டைடுகளைச் செய்து பார்த்ததில், வலிமை முழுக்க வால் பக்கத்தில் இருக்கிறது, கடைசியில் புரோலின் இருந்தால் நல்லது, அதற்கு முன் அலனின் இருந்தால் இன்னும் நல்லது என்று தெரிந்திருந்தது. தலைப் பக்கம் இருந்த நீளமெல்லாம் கூடுதல் சுமை.

1974 மார்ச்

கார்பாக்சிபெப்டிடேஸ் ஏ என்பது கணையம் சுரக்கும் ஒரு செரிமான நொதி. அதுவும் துத்தநாகம் ஏந்தியது. பெப்டைடின் வாலிலிருந்து ஒரே ஒரு அமிலத்தைக் கழற்றும். அதன் முப்பரிமாண வடிவம் எக்ஸ் கதிர் மூலம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. பையர்ஸ், வுல்ஃபெண்டன் என்ற இருவர் பென்சைல்சக்சினிக் அமிலம் என்ற எளிய பொருள் இந்த நொதியை வலுவாகத் தடுப்பதைக் காட்டியிருந்தார்கள். அவர்கள் சொன்ன விளக்கம் அழகானது. நொதி ஒரு பெப்டைடை வெட்டியதும் இரண்டு துண்டுகள் மிஞ்சும். இந்த அமிலம் அந்த இரண்டு துண்டுகளும் சேர்ந்தே உட்கார்ந்திருப்பது போன்ற தோற்றம் தருகிறது. அதன் ஒரு முனையில் உள்ள கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதி துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிறது.

1974 மார்ச்சில் குஷ்மனும் ஒண்டெட்டியும் இந்தக் கட்டுரையை வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது கணக்குப் பிடிபட்டது. ஏ.சி.இ.யும் துத்தநாக நொதி. அதுவும் வாலில்தான் வெட்டுகிறது. ஒரு அமிலத்துக்குப் பதில் இரண்டைக் கழற்றுகிறது, அவ்வளவே. அப்படியானால் வாலைப் பிடிக்கும் இடத்துக்கும் துத்தநாகத்துக்கும் இடையே தூரம் ஒரு அமிலத்தின் நீளம் கூடுதலாக இருக்க வேண்டும். பென்சைல்சக்சினிக் அமிலத்தில் வால் பக்கம் இருந்த பகுதிக்குப் பதில் ஒரு முழு அமினோ அமிலத்தை வைத்து நீட்டினால் என்ன? எந்த அமிலம் என்ற கேள்விக்குப் பாம்பு முன்பே பதில் சொல்லியிருந்தது: புரோலின்.

செய்து பார்த்த முதல் பொருள் சக்சினைல் புரோலின். ஒரு முனையில் புரோலின், மறுமுனையில் துத்தநாகத்துக்கான கார்பாக்சில், நடுவில் சிறு கார்பன் சங்கிலி. பெப்டைடு என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது.

ஐந்து படிகள்

இங்கே குஷ்மன் அமைத்திருந்த சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முயல் நுரையீரலிலிருந்து எடுத்த நொதிக்கு, ஹிப்புரிக் அமிலத்தின் வாலில் ஹிஸ்டிடினும் லூசினும் ஒட்டிய செயற்கைப் பொருள் ஒன்றைக் கொடுப்பார்கள். நொதி வழக்கம்போல் கடைசி இரண்டைக் கழற்றும். ஹிப்புரிக் அமிலம் விடுபடும். அதை எதைல் அசிடேட்டில் பிரித்தெடுத்து, 228 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் நொதி எவ்வளவு வெட்டியது என்று எண்ணாகத் தெரிந்துவிடும். தடுப்பானைச் சேர்த்து, வெட்டும் வேகம் சரிபாதியாகக் குறைய எவ்வளவு அடர்த்தி வேண்டும் என்று பார்ப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் தடுப்பான் வலுவானது.

சக்சினைல் புரோலினுக்குக் கிடைத்த எண் 330 மைக்ரோமோலார். எடையாகச் சொன்னால் ஒரு லிட்டரில் 71 மில்லிகிராம். மருந்தாக நினைத்துக்கூடப் பார்க்க முடியாத பலவீனம். பல ஆய்வுக்கூடங்களில் இந்த எண்ணோடு கோப்பு மூடப்பட்டிருக்கும். குடல் துண்டுதான் காப்பாற்றியது. கினிப்பன்றிக் குடலில் இந்தப் பொருள் ஆஞ்சியோடென்சின் 1 தரும் சுருக்கத்தைக் குறைத்தது, பிராடிகைனின் தரும் சுருக்கத்தைக் கூட்டியது, மற்ற தூண்டுபொருள்களின் சுருக்கத்தைத் தொடவில்லை. அதாவது பலவீனமானது, ஆனால் குறி தவறாதது. குறி சரியாக இருந்தால் வலிமையைக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது படிக்கு மறுபடி விஷத்தின் வாலைப் பார்த்தார்கள். புரோலினுக்கு முன் அலனின் இருந்தால் நல்லது என்பது தெரிந்த விஷயம். அலனினின் பக்கக் கிளை வெறும் ஒரு மெதில் தொகுதி. சங்கிலியில் அதே இடத்தில், அதே திசையில் ஒரு மெதிலை ஒட்டினார்கள். 330 என்பது 22 ஆனது. திசை முக்கியம், கண்ணாடி பிம்பம் போலத் திரும்பி நிற்கும் வடிவத்துக்கு வலிமை வெகுவாகக் குறைந்தது. நொதி அந்த மெதிலை அலனினாகவே நினைக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மூன்றாவதாகச் சங்கிலியை ஒரு கார்பன் நீட்டினார்கள். 4.9 ஆனது. முன்னேற்றம்தான், ஆனால் விழுங்கும் மருந்துக்குப் போதாது. வால் பக்கத்தில் இனிச் செய்ய அதிகமில்லை. மிச்சமிருந்தது துத்தநாகத்தைப் பிடிக்கும் கை.

கார்பாக்சில் துத்தநாகத்தைப் பிடிக்கும், ஆனால் தளர்வாக. துத்தநாகத்துக்குக் கந்தகத்தின்மேல் தனி ஈர்ப்பு உண்டு. நான்காவது படியில் கார்பாக்சிலை எடுத்துவிட்டு, ஹைட்ரஜனோடு சேர்ந்த ஒரு கந்தகத்தை வைத்தார்கள். மெதில் இல்லாமலேயே எண் 0.20க்கு இறங்கியது. ஐந்தாவதாக, அதில் பழைய மெதிலைத் திரும்ப ஒட்டினார்கள்: 0.023 மைக்ரோமோலார். லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். 71 மில்லிகிராமிலிருந்து 5 மைக்ரோகிராமுக்கு, ஏறக்குறைய 14,000 மடங்கு. இந்த ஐந்தாவது பொருள்தான் கேப்டோப்ரில். மூலக்கூறு எடை 217, டெப்ரோடைடில் ஐந்தில் ஒரு பங்கு. 1977இல் உலகுக்கு அறிவித்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இப்போது பங்கு பிரிக்கலாம். புரோலினும் மெதிலும் பாம்பின் சொத்து. தூரத்தை அளந்து கொடுத்தது கணையத்து நொதி. கந்தகம் முழுக்க முழுக்க மனிதர் சேர்த்தது.

விழுங்கிய பிறகு

வெறும் வயிற்றில் 25 மில்லிகிராம் விழுங்கினால் கால் மணி முதல் அரை மணிக்குள் வேலை தொடங்கும். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் அழுத்தம் அதிகம் இறங்கியிருக்கும். உணவோடு எடுத்தால் உடல் உறிஞ்சும் அளவு 30 முதல் 40 சதவீதம் குறையும். அதனால்தான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் என்று எழுதித் தருகிறார்கள். இரத்தத்தில் பாதி அளவாகக் குறைய ஏறக்குறைய 2 மணி நேரமே ஆகும் என்பதால் நாளுக்கு இரண்டு, மூன்று வேளை தேவைப்படுகிறது. சக்தி வாய்ந்த கை என்றாலும் கந்தகத்துக்கு இது ஒரு பலவீனம். இரண்டு கந்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ, உடலின் வேறு கந்தகப் பொருளோடு இணைந்தாலோ, துத்தநாகத்தைப் பிடிக்க அது கிடைக்காது.

நொதி முடங்கியதும் ஆஞ்சியோடென்சின் 2 குறைகிறது, குழாய்கள் தளர்கின்றன, ஆல்டோஸ்டிரோன் இறங்குகிறது. தடை நீங்கியதாக எண்ணி சிறுநீரகம் ரெனினைக் கூட்டுகிறது. ஆஞ்சியோடென்சின் 1 குவிகிறது. ஆனால் அதை வெட்டி மாற்றக் கத்தி கிடைப்பதில்லை. நீர்போக்கும் மாத்திரைகளால் உடலில் உப்பும் நீரும் ஏற்கெனவே குறைந்திருப்பவர் ஆஞ்சியோடென்சினை நம்பியே அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு முதல் வேளையிலேயே தலைசுற்றி விழும் அளவுக்கு அழுத்தம் சரியலாம். அப்படிப்பட்டவருக்கு 6.25 மில்லிகிராமில் தொடங்குவது அதனால்தான்.

சிறுநீரகத்துக்குச் செல்லும் இரண்டு தமனிகளும் குறுகிப்போனவரிடம் கதை இன்னும் கூர்மையானது. வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் சிறுகுழாயை இறுக்கி, உள்ளே அழுத்தத்தை நிலைநிறுத்துவது ஆஞ்சியோடென்சின் 2. மாத்திரை அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால் வடிகட்டுதல் சரியும். வெளியே அழுத்தமானியில் நல்ல எண் தெரியும். உள்ளே, வடிகட்டப்பட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும். தொடங்கிய ஒன்று, இரண்டு வாரங்களில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்ப்பது இதைப் பிடிக்கத்தான். கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் நிறுத்திவிட்டுத் தமனிகளைப் பார்க்க வேண்டும். கருவின் சிறுநீரகத்துக்கும் இந்த நொதியின் உதவி வேண்டும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து கூடவே கூடாது.

தொல்லைகளில் ஒன்று கத்தியின் இரண்டாவது வேலையிலிருந்து வருகிறது. பிராடிகைனின் அழியாமல் சுவாசப் பாதையில் தங்கினால், சளி இல்லாத, தொண்டையைக் கீறும் வறட்டு இருமல். சிலருக்கு முதல் வாரத்திலேயே வரும், சிலருக்கு மாதங்கள் கழித்து. இருமல் மருந்து எதுவும் கேட்காது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரங்களில் தானாக நின்றுவிடும். அரிதாக நாக்கும் உதடும் வீங்கும். அது உயிருக்கே ஆபத்து, அவர் இந்த வகை மருந்துகளை வாழ்நாளில் மறுபடி தொடக் கூடாது. ஃபெரேராவின் காகிதத்தில் உயர்ந்த அந்த மேட்டைத்தான் இந்த நோயாளிகள் தொண்டையில் உணர்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு தொல்லை கந்தகத்தின் கணக்கில் எழுதப்பட்டது. தொடக்க ஆண்டுகளில், வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடும் நோயாளிகளுக்கு நாளுக்கு 450 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். தோல் தடிப்பு, நாக்கில் சுவை மரத்துப்போதல், சிறுநீரில் புரதம், அரிதாக வெள்ளணுக்கள் சரிதல் என்று வந்தன. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டவர்களிடம் அதிகமாக. கந்தகக் கை கொண்ட பெனிசிலமைன் தரும் தொல்லைகளை இவை ஒத்திருந்தன. மெர்க் நிறுவனத்தின் ஆர்தர் பேட்செட் குழுவினர் கந்தகத்தைத் தவிர்த்து, கார்பாக்சிலுக்கே திரும்பி, இழந்த பிடிப்பை வேறோர் இடத்தில் ஒரு பெரிய கிளையை ஒட்டி ஈடுகட்டினார்கள், எனலாப்ரில் வந்தது. அளவைக் குறைத்ததும் கேப்டோப்ரிலின் இந்தத் தொல்லைகளும் வெகுவாகக் குறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். குற்றத்தில் பாதி அணுவினுடையது, பாதி மில்லிகிராமினுடையது.

வரைபடம் தவறு

ஏ.சி.இ.யின் உண்மையான முப்பரிமாண வடிவம் 2003இல்தான் வெளியானது. கேப்டோப்ரில் அதற்குள் உட்கார்ந்திருக்கும் படம் அடுத்த ஆண்டு வந்தது. பார்த்தால், கார்பாக்சிபெப்டிடேஸோடு அதற்கு உருவத்தில் ஒற்றுமையே இல்லை. சுருள்கள் சூழ்ந்த ஆழமான பள்ளம், வாயில் மூடிபோல் ஒரு பகுதி. முற்றிலும் வேறு குடும்பம். குஷ்மனும் ஒண்டெட்டியும் தங்கள் காகிதத்தில் வரைந்த நொதி உலகில் இல்லை.

ஆனால் அவர்கள் கேட்டது மூன்றே கேள்விகள்: வாலை எது பிடிக்கிறது, துத்தநாகம் எங்கே, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம். மூன்றுக்கும் விடை பொருந்தியது. படத்தில் புரோலினின் கார்பாக்சில் முனையை ஒரு லைசினும் ஒரு டைரோசினும் ஒரு குளூட்டமினும் பிடித்திருக்கின்றன. சங்கிலியின் நடுவில் இருக்கும் ஆக்சிஜனை இரண்டு ஹிஸ்டிடின்கள் தாங்குகின்றன. மறுமுனையில், நொதியின் இரண்டு ஹிஸ்டிடின்களும் ஒரு குளூட்டமிக் அமிலமும் ஏந்தியிருக்கும் துத்தநாகத்தின்மேல், கந்தகம் நேராக உட்கார்ந்திருக்கிறது.